மதகடி இரும்பு வேலியும் மஞ்சள் பீப்பாயும்: வீதித் தடுப்புகளைச் சாரதி எப்படிப் பார்க்க வேண்டும்

"ஏ9 வீதியில மதகு, பாலம் வாற இடத்தில மட்டும் ரெண்டு பக்கமும் கொஞ்சத் தூரம் இரும்புத் தகடு அடிச்சிருக்கு. பிறகு வெட்டவெளி. ஏன் முழு நீளத்துக்கும் போடேல்லை? கனடாவில இருக்கிற மச்சான் அனுப்பின படத்தில வீதி பிரியிற இடத்தில மஞ்சள் பீப்பாய் அடுக்கி வச்சிருக்கினம், அது என்னத்துக்கு? ரவுணுக்குள்ள நடுவில கட்டுற திட்டும் இதே வேலையைத்தான் செய்யுதோ? வாகனம் ஓடுற ஆக்கள் இதுகளை எப்பிடிப் பாக்கவேணும்?"

வேலியும் வாகனம் மோதக்கூடிய ஒரு பொருள்தான். வீதியோரத்தில் இரும்புத் தகட்டை நட்டால், அதுவரை இல்லாத ஒரு மோதலை அங்கே புதிதாக உண்டாக்குகிறோம். ஆகவே தகட்டில் மோதுவதைவிட அதற்குப் பின்னால் இருப்பதில் மோதுவது மோசம் என்ற இடத்தில் மட்டுமே அதைப் போடுவார்கள். மதகின் கொங்கிரீற் கைப்பிடிச் சுவர், வாய்க்கால் பள்ளம், குளக்கட்டின் செங்குத்தான சரிவு, பாலத்தின் தலைப்பு ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரும் வழியில் பல இடங்களில் வீதியோரம் மட்டமான தரையும் பற்றையும்தான். அங்கே வாகனம் விலகினால் புல்லில் ஓடி நிற்க இடமுண்டு. அந்த இடத்தில் வேலி போட்டால், நின்றிருக்கக்கூடிய வாகனத்தையும் இரும்பில் மோத வைப்போம். பொறியியலாளர் முதலில் பார்ப்பது ஆபத்தை அகற்றலாமா, சரிவைத் தணிக்கலாமா, கம்பத்தைத் தள்ளி நடலாமா என்பதைத்தான். அது ஒன்றும் முடியாதபோது கடைசியாக வருவதே வேலி.

வேலி வாகனத்தை நிறுத்துவதற்காகப் போட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை நிறுத்துவது அல்ல, திருப்பிவிடுவது. இது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் ஒரு வான், தூக்கக் கலக்கத்தில் மெல்ல இடப்பக்கம் சரிந்து 15 பாகைக் கோணத்தில் தகட்டைத் தொடுகிறது என்று வைப்போம். வாகனத்தின் வேகம் 70 ஆக இருந்தாலும், தகட்டை நேராக அழுத்தும் வேகம் 18 கிலோமீற்றர் மட்டுமே. மிச்ச வேகம் தகட்டோடு ஒட்டி முன்னோக்கிப் போய்விடுகிறது. 5 பாகையில் தொட்டால் அழுத்தும் வேகம் 6 கிலோமீற்றர். 30 பாகையில் அது 35 ஆகிவிடும். நேரே குத்தினால் முழு 70. இதை உயரமாக எண்ணிப் பாருங்கள்: 18 கிலோமீற்றரில் மோதுவது ஏறத்தாழ 1.3 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 70இல் மோதுவது 19 மீற்றரிலிருந்து, அதாவது நன்றாக வளர்ந்த பனையின் வட்டுக்குள்ளிருந்து விழுவதற்குச் சமம். வேலியில் உரசியவர் கதவு நசுங்கிய வானிலிருந்து இறங்கி நடக்கிறார், அதே வேகத்தில் மதகுச் சுவரில் நேரே குத்தியவர் நடப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கோணம்தான்.

தகட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். இரண்டு அலையாக வளைத்த நீளமான இரும்புப் பட்டி, ஏறத்தாழ 2 மீற்றருக்கு ஒன்றாக நட்ட இரும்புக் கால்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய கட்டை. அந்தக் கட்டை அழகுக்கு அல்ல. அது பட்டியைக் காலிலிருந்து ஒரு சாண் அளவு முன்னுக்கு நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் உரசி வரும் வாகனத்தின் முன் சில்லு காலில் கொளுவும், கொளுவிய இடத்தில் வாகனம் சுழன்றுவிடும். பட்டிகளை இணைக்கும் இடத்தில், வாகனம் வரும் திசையில் முதலில் உள்ள பட்டி வீதிப் பக்கமாகவும் அடுத்தது அதற்குப் பின்னாலும் இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் தகட்டின் விளிம்பு கத்தி போல வாகனத்தை எதிர்நோக்கி நிற்கும். மோதும்போது கால்கள் பின்னுக்குச் சாய வேண்டும், பட்டி கயிறு போல இழுபட்டு வளைந்து கொடுக்க வேண்டும். அந்த வளைவு ஒரு மீற்றர் வரை போகும். அதனால் தகட்டுக்குப் பின்னால் ஒட்டி நிற்பதும், அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்பதும், இளநீர்க் கடை போடுவதும் ஆபத்து. தகடு தப்பவிடாது, ஆனால் பின்னுக்கு வரும்.

உயரமும் முக்கியம். பட்டியின் மேல் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 70 முதல் 80 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். வீதிக்கு மேல் தார் போடும் ஒவ்வொரு முறையும் 5 சென்ரிமீற்றர் குறைந்துகொண்டு போனால், இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அதே வேலி வானின் முன்பக்கத்தைப் பிடிக்காமல் கவிழ்த்துவிடும் உயரத்துக்கு இறங்கிவிடும். தார் புதிதாகவும் வேலி பழையதாகவும் இருக்கும் இடத்தில் இதைக் கவனியுங்கள். சாதாரணத் தகட்டு வேலி காருக்கும் வானுக்கும் கணக்குப் போட்டது. கிறவல் ஏற்றிய ரிப்பரையும் பயணிகள் நிறைந்த பேருந்தையும் அது தாங்கும் என்று நம்பக்கூடாது. அவற்றின் பாரம் பல மடங்கு, பாரத்தின் நடுப்புள்ளியும் தகட்டுக்கு மேலே.

மதகடி வேலிகளில் அதிகம் காணக்கூடிய குறை அதன் நீளம். ஒரு மதகை எடுத்துக்கொள்வோம். வாய்க்கால் பள்ளம் ஒழுங்கையின் ஓரக் கோட்டிலிருந்து 6 மீற்றர் தூரம் வரை திறந்து கிடக்கிறது. தகடு ஓரக் கோட்டிலிருந்து 2 மீற்றர் தள்ளி நிற்கிறது, மதகுக்கு முன்னால் 8 மீற்றர் நீளம். தூங்கிய சாரதி ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவதில்லை, மெல்லத்தான் விலகுகிறார். 10 பாகையில் விலகுகிற வாகனம் பள்ளத்தின் வெளிப்பக்க ஓரத்தை எட்ட வேண்டுமானால், தகட்டின் வரிசையை மதகுக்கு 23 மீற்றர் முன்னாலேயே தாண்டியிருக்கும். 5 பாகையில் விலகினால் 46 மீற்றர் முன்னால். 8 மீற்றர் வேலி அந்த வாகனத்தைத் தொடவே தொடாது. வாகனம் வேலிக்குப் பின்பக்கமாகப் போய் நேரே வாய்க்காலுக்குள் இறங்கும். 8 மீற்றர் போதுமாக இருக்க வாகனம் 27 பாகையில் விலக வேண்டும், 70இல் வரும் எவரும் அப்படி விலகுவதில்லை. குறுகிய வேலி கண்ணுக்குப் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் காப்பது கொஞ்சத் தூரம்தான். ஆகவே மதகுக்கு முன்னாலுள்ள அந்த ஐம்பது மீற்றரை, வேலி இருந்தாலும், வேலி இல்லாத வீதியாகவே சாரதி எண்ண வேண்டும்.

அடுத்தது நுனி. முழு வேலியிலும் பொல்லாத இடம் அதுதான். திருப்பிவிடும் வேலை வாகனம் பக்கவாட்டில் தொட்டால்தான் நடக்கும். நுனியில் நேரே குத்தினால் கோணம் என்ற ஒன்றே இல்லை, ஈட்டி மாதிரி தகடு இயந்திரத்தைத் துளைத்துச் சாரதியின் இருக்கை வரை வந்த விபத்துகள் உலகம் முழுவதும் பதிவாகியிருக்கின்றன. மீன்வால் போல விரித்து விட்ட நுனி அகலமாகத் தெரியுமே தவிர மோதலின் பலத்தை உள்வாங்காது. நிலத்துக்குள் சரித்துப் புதைத்த நுனி குத்தாது, ஆனால் சில்லை ஏற்றி வாகனத்தைப் புரட்டும். நல்ல முடிவுகள் இரண்டு வகை. ஒன்று, பட்டியை வீதியிலிருந்து விலக்கிக் கொண்டுபோய் மண் மேட்டுக்குள் புதைப்பது. மற்றது, மோதும்போது பட்டியைத் தானே நசுக்கி வெளியே தள்ளிக்கொண்டு பின்னுக்குச் சறுக்கும் தலைப்பெட்டி. எங்கள் வீதிகள் பெரும்பாலும் இரு திசையும் ஒரே தாரில் ஓடும் வீதிகள் என்பதால், வேலியின் இரண்டு நுனியும் யாரோ ஒருவரை எதிர்நோக்கியே நிற்கின்றன. முந்திச் செல்லத் தவறி வலப்பக்கம் விலகுகிறவருக்கு, எதிர்த்திசையில் வருகிறவர்கள் மதகைக் கடந்த பிறகு முடியும் நுனிதான் முன்னால் இருக்கும்.

நுனிக்குச் சமமான இன்னொரு இடம், தகடு கொங்கிரீற் சுவரோடு சேரும் மூட்டு. தகடு வளையும், சுவர் வளையாது. இரண்டையும் நேரே தொட்டால், வளைந்த தகடு ஒரு பை மாதிரி ஆகி வாகனத்தைச் சுவரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் விடும். அதனால்தான் பாலத்தை நெருங்க நெருங்கக் கால்களை நெருக்கி நட்டு, தகட்டை இரட்டித்து, சுவரோடு ஆணியால் இறுக்கிப் பூட்டுவார்கள். மூட்டில் கையளவு இடைவெளி தெரிந்தால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

மச்சானின் படத்திலுள்ள மஞ்சள் பீப்பாய்கள் இந்த நுனிச் சிக்கலுக்கான பதில்தான். வீதி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு வேலிகளும் கூராகச் சேரும், அல்லது ஒரு பாலத் தூண் நிற்கும். அங்கே யாரையும் பக்கவாட்டில் திருப்பிவிட முடியாது. ஆகவே நிறுத்தித்தான் ஆக வேண்டும், மெல்ல நிறுத்த வேண்டும். பீப்பாய்க்குள் இருப்பது மணல். 1955இல் பிரான்சின் லெ மான் காரோட்டப் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளருக்குள் பாய்ந்த பெரும் விபத்துக்குப் பிறகு, அந்தப் பந்தயத்துக்கு வந்திருந்த அமெரிக்க ஓட்டுநர் ஜோன் ஃபிற்ச் இதை உருவாக்கினார்.

இதிலுள்ள கெட்டித்தனம் முழுக்க அடுக்கிலே இருக்கிறது. முன்னால் உள்ள பீப்பாயில் 90 கிலோ மணல், பின்னால் போகப் போக 180, 320, 640 கிலோ. 1000 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீற்றரில் வந்து முதல் பீப்பாயை உடைக்கிறது. மணலைத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வேகம் 92 ஆகிறது. 180 கிலோ பீப்பாயில் 78, 320இல் 59, 640இல் 36, இன்னொரு 640இல் 22. ஒவ்வொரு பீப்பாயும் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலம் என்பதால் இதெல்லாம் ஏறத்தாழ 5 மீற்றருக்குள் நடக்கிறது. அடுக்கை மாற்றி 960 கிலோ பீப்பாய் ஒன்றை முன்னால் வைத்தால் வேகம் ஒரே இடியில் 100இலிருந்து 51க்கு விழும், அது சுவரில் மோதுவதிலிருந்து அதிகம் வித்தியாசப்படாது. மோதலைத் தாங்கும் மெத்தைகள் வேறு வடிவிலும் உண்டு. இரும்புச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து போகும் வகையில் ஆனவை அவை. நிறுத்துவதற்கு நீளம் கொடுப்பதுதான் எல்லாவற்றினதும் வேலை. 70இல் வரும் வாகனம் அரை மீற்றருக்குள் நின்றால் உடம்பில் படும் இழுவை புவியீர்ப்பின் 39 மடங்கு, ஐந்தரை மீற்றருக்குள் நின்றால் மூன்றரை மடங்கு.

இதற்கும் எல்லை உண்டு. பத்துத் தொன் லொறிக்கு முதல் பீப்பாய் வேகத்தை ஒரு கிலோமீற்றர்தான் குறைக்கும். ஒருமுறை உடைந்த அடுக்கு, மாற்றும் வரை வெறும் குப்பை. பிரியும் இடத்தில் வரிவரியாகக் கோடு போட்ட முக்கோணத்தையும் மெத்தையையும் கண்டால், அங்கே முன்பே பலர் முடிவு எடுக்கத் தடுமாறியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். வன்னியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆள் ஏற்றப் போகும் வான் சாரதிகளுக்கு இது முக்கியம். அதிவேக வீதியில் வெளியேறும் வழியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அடுத்த வழி வரை ஓடித் திரும்பி வாருங்கள். கோடு போட்ட முக்கோணத்தைக் குறுக்கே வெட்டுவதோ, அங்கே நிறுத்தி ரிவேஸ் எடுப்பதோ கூடாது.

நடுத்திட்டின் வேலை வேறு. அது எதிரெதிர் வாகனங்கள் நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்க்கிறது, வலப்பக்கம் திரும்பும் இடங்களைக் குறைக்கிறது, நடப்பவருக்கு நடுவில் நின்று இரண்டு தடவையாகக் கடக்க இடம் கொடுக்கிறது. ஆனால் 15, 20 சென்ரிமீற்றர் உயரக் கல் வேகமாக வரும் வாகனத்தை நிறுத்தாது. ரயரை வெடிக்க வைத்து வாகனத்தை மேலே எறியும். ஆகவே ரவுணுக்குள் கட்டிய திட்டைத் தடுப்புச் சுவர் என்று எண்ணக்கூடாது. மாறாக, முழங்கால் உயரத்துக்கு மேல் சாய்ந்த அடியோடு நிற்கும் கொங்கிரீற் சுவர் உண்மையான தடுப்பு. அந்தச் சாய்வு தற்செயலானது அல்ல. சிறு கோணத்தில் உரசும்போது சில்லு அதில் கொஞ்சம் ஏறி இறங்கும், பக்கத் தகடு அதிகம் நசுங்காது.

திட்டின் இடைவெளியில் வலப்பக்கம் திரும்பும்போது எல்லோரும் விடும் பிழை ஒன்று உண்டு. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஆறு ஏழு மீற்றர் நீளம், திட்டின் அகலம் பல இடங்களில் ஒன்றிரண்டு மீற்றர்தான். பாதி கடந்து நடுவில் நின்றால் பெட்டி பின்னால் வேக ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், இரவில் அதற்கு வெளிச்சமும் இருக்காது. நெல் மூட்டையோடு கடக்கிறவர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெறுமையாகும் வரை ஓரத்திலேயே காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் அடுத்த இடைவெளி தூரம் என்று எதிர்த்திசையில் திட்டை ஒட்டி ஓடுகிறவர்கள், எதிரில் வருகிறவர் பார்க்கவே பார்க்காத பக்கத்தில் ஓடுகிறார்கள். வளைந்து திரும்புகிறவர் வலப்பக்கம் வாகனம் வரும் என்று எண்ணுவதில்லை. நீல வட்டத்தில் இடப்பக்கம் கீழ்நோக்கி வெள்ளை அம்புக்குறி இருந்தால் திட்டுக்கு இடப்பக்கமாகத்தான் போக வேண்டும்.

இனி வாகனம் விலகிவிட்டால் செய்ய வேண்டியது. இடப்பக்கச் சில்லுகள் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட்டன என்று வைப்போம். மாரிக்குப் பிறகு ஓர மண் அரித்து, தாருக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு சாண் படி விழுந்திருக்கும். உடனே வலப்பக்கம் வெட்டினால் ரயர் அந்தப் படியில் உரசிக்கொண்டு ஏறாமல் நிற்கும், நீங்கள் இன்னும் திருப்புவீர்கள், பிறகு திடீரென்று ஏறும், வாகனம் எதிர் ஒழுங்கைக்குள் பாயும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேரே பிடியுங்கள். மண்ணிலேயே வேகம் 40க்குக் கீழே இறங்கட்டும். எதிரே வெறுமை என்று பார்த்துவிட்டுத் திருப்பி ஏறுங்கள்.

முன்னால் மதகு, நேரம் இல்லை என்றால் கணக்கு வேறு. காய்ந்த தாரில் 70இலிருந்து நிற்க, யோசிக்கும் ஒரு செக்கனோடு சேர்த்து 47 மீற்றர் வேண்டும். ஈரத்தில் 67. அந்த இடம் இல்லையென்றால் பிறேக்கை நேர்கோட்டில் இறுக்கி வேகத்தைக் குறைத்து, தகட்டின் பக்கத்தில் ஒட்டிச் சாயுங்கள். தகட்டில் உரசுவது எதிர் வாகனத்தில் மோதுவதைவிடவும், தகட்டின் நுனியில் குத்துவதைவிடவும், சுவரில் குத்துவதைவிடவும் நல்லது. உரசத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடுங்கி இழுக்காதீர்கள். தகடு விடும்போது அந்த இழுப்பு உங்களை எதிர்ப்பக்கம் எறியும். மாடு குறுக்கே வந்தால் முழுப் பிறேக், வெட்டித் திரும்புவதில்லை.

மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு இந்த வேலி காவல் அல்ல. அது கார்களுக்காகக் கட்டியது. விழுந்து சறுக்குகிற உடம்புக்கு அதன் கால்கள் கோடாலி மாதிரி. மதகில் வீதி ஒடுங்கும், ஓரத்தில் விலக இடமிருக்காது. அதற்கு ஐம்பது மீற்றர் முன்னாலேயே வேகத்தை இறக்கி, ஒழுங்கையின் நடுவில் ஓடி, மதகுக்குள் யாரையும் முந்தாதீர்கள். பின்னால் வான் நெருக்கினாலும் மதகுக்கு அப்பால் வழி விடலாம்.

வேலி பழுதானதை அடையாளம் காண்பது கடினம் அல்ல. காலைக் கையால் ஆட்டினால் ஆடுகிறதா? மழைத் தண்ணீர் கால் அடியைச் சுற்றி மண்ணைக் கொண்டுபோயிருக்கும். இணைப்பில் ஆணி இல்லாத ஓட்டை தெரிகிறதா? வயலுக்கு வழி விடுவதற்கு யாரோ ஒரு துண்டைக் கழற்றியிருக்கிறார்களா? அந்த ஒரு துண்டு போனால் இரண்டு புது நுனிகள் பிறக்கின்றன, பட்டியின் இழுவையும் போய்விடுகிறது. ஒருமுறை மோதி வளைந்த வேலியும் அடுத்த வாகனத்துக்கு உதவாது. ஏ, பி வகுப்பு வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை பொறுப்பு, உள்வீதிகள் பலவற்றுக்குப் பிரதேச சபை. எழுதும்போது கிலோமீற்றர்க் கல்லின் எண், எந்தப் பக்கம், மதகின் எந்த முனை, என்ன குறை என்பதைப் படத்தோடு கொடுங்கள். "மாங்குளம் பக்கம் வேலி உடைஞ்சு கிடக்கு" என்று எழுதினால் தேடி வருகிறவருக்கு இடம் கிடைக்காது. ஆள் காயப்பட்டிருந்தால் முதலில் அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119. வாகனத்தை விட்டு இறங்கியவர்கள் வேலிக்கும் வாகனத்துக்கும் நடுவில் நிற்காமல், வீதியை விட்டு விலகி நிற்க வேண்டும்.